விற்பவர் தீர்ந்த நாளும் வாங்குபவர் தீர்ந்த நாளும்

சார்ட்டில் பார்த்தால் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தால் மற்றொன்று கிடைத்துவிடும் என்றே தோன்றும். வாரக்கணக்கில் விலை இறங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் ஒரு நாள், வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நீளமான பார் விழுகிறது. அதன் அடியில் வால்யூம் கம்பம் பக்கத்தில் உள்ளவற்றையெல்லாம் சிறுத்துப்போகச் செய்து நிமிர்ந்து நிற்கிறது. அதோடு இறக்கம் நிற்கிறது. இதற்கு செல்லிங் கிளைமாக்ஸ் என்று பெயர். நீண்ட ஏற்றத்தின் முடிவில் இதே மாதிரி ஒரு பாரும் கம்பமும் வந்து ஏற்றம் நின்றால் அது பையிங் கிளைமாக்ஸ்.

இந்த இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்துக் கற்பித்தவர் அமெரிக்கரான ரிச்சர்ட் வைக்காஃப். டிக்கர் நாடாவில் ஓடும் விலையையும் அளவையும் படித்தே சந்தையைக் கணிக்க முடியும் என்று நம்பியவர்; 1931-ல் தன் முறையைப் பாடத்திட்டமாகவே வகுத்தார். அவர் வழியில் வந்தவர்கள் வரையும் படம் இப்படி இருக்கும்: முதலில் கிளைமாக்ஸ், அடுத்து எதிர்த்திசையில் தானாக வரும் ஒரு வேகமான நகர்வு, பிறகு, கிளைமாக்ஸ் நடந்த விலைக்கே திரும்பிப் போய்த் தொட்டுப் பார்க்கும் சோதனை. அடியிலும் உச்சியிலும் இதே வரிசைதான். புத்தகங்களில் இரண்டு படங்களும் எதிரெதிர்ப் பக்கங்களில், கண்ணாடிப் பிம்பம் போல அச்சாகியிருக்கும்.

அந்தப் படங்கள் தவறில்லை. ஆனால் படம் ஒத்திருப்பதால் உள்ளே நடப்பதும் ஒத்திருக்கும் என்று எடுத்துக்கொண்டால் அங்கேதான் கணக்கு பிசகுகிறது. அடியில் விற்பவர்களில் பெரும்பகுதி விற்றே ஆகவேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள். உச்சியில் வாங்குபவர்களில் பெரும்பகுதி ஆசைப்பட்டு வாங்குபவர்கள். கட்டாயம் ஒரு நாளில் தீர்ந்துவிடும். ஆசை அப்படித் தீராது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற வேறுபாடுகள் எல்லாம் கிளைக்கின்றன.

அதற்கு முன் வால்யூம் பற்றி ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விற்கப்பட்ட ஒவ்வொரு பங்கையும் அதே நொடியில் யாரோ வாங்கியிருக்கிறார்கள். ஆகவே 'விற்பனை வால்யூம் அதிகம்' என்று சொல்வது பாதி உண்மைதான். பெரிய வால்யூமுடன் விலை ஒரே திசையில் ஓடுகிறது என்றால் ஒரு தரப்பு அவசரத்தில் இருக்கிறது, இன்னொரு தரப்பு பொறுமையாக விலகி விலகி நிற்கிறது என்று பொருள். பெரிய வால்யூம் இருந்தும் விலை மேற்கொண்டு ஓடவில்லை என்றால் அந்தப் பொறுமையான தரப்பு விலகாமல் நின்று அத்தனையையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்று பொருள். கிளைமாக்ஸ் என்பது முதல் நிலை இரண்டாம் நிலையாக மாறும் இடம். ஆகையால் பாரின் நீளத்தைவிட, அந்த நீளத்துக்குள் விலை எங்கே முடிந்தது, அடுத்த நாள் என்ன ஆனது என்பதே முக்கியச் செய்தி.

செல்லிங் கிளைமாக்ஸுக்கு 1987 அக்டோபரைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. டவ் ஜோன்ஸ் குறியீடு அந்த ஆண்டு ஆகஸ்ட் 25-ல் 2722 என்ற உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. அக்டோபர் 16, வெள்ளிக்கிழமை, 108 புள்ளி சரிந்தது. நியூயார்க் சந்தையில் சுமார் 34 கோடிப் பங்குகள் கைமாறின. அந்தக் காலத்தில் ஒரு நாளின் வழக்கமான வால்யூம் 20 கோடிக்கு உள்ளேதான் இருக்கும். திங்கட்கிழமை, அக்டோபர் 19: 508 புள்ளி, அதாவது 22.6 சதவீத வீழ்ச்சி. முடிவு 1738.74. வால்யூம் 60 கோடிப் பங்குகளுக்கு மேல்.

அன்று விற்றவர்கள் யார் என்பது பின்னர் அமைக்கப்பட்ட பிரேடி குழுவின் விசாரணையில் வெளிவந்தது. 'போர்ட்ஃபோலியோ இன்ஷூரன்ஸ்' என்ற ஓர் ஏற்பாடு அப்போது பெரிய நிதிகளிடம் பரவியிருந்தது. விலை இறங்க இறங்க, ஒரு சூத்திரப்படி ஃபியூச்சர்ஸையோ பங்குகளையோ விற்றுக்கொண்டே போவதுதான் அதன் வேலை. இப்படிப்பட்ட ஒரு நிறுவனம் மட்டும் அன்று ஏறத்தாழ 10 கோடி டாலர் வீதம் 13 தவணைகளாகப் பங்குகளை விற்றது. பங்கு மலிவா, விலை அதிகமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. சூத்திரம் விற்கச் சொன்னது, விற்றார்கள். கூடவே கடன் வாங்கிப் பங்கு வைத்திருந்தவர்களுக்கு மார்ஜின் கால், பணத்தைத் திருப்பிக் கேட்ட முதலீட்டாளர்களுக்காக மியூச்சுவல் ஃபண்டுகளின் விற்பனை. விலை இறங்குவதே விற்பனைக்குக் காரணம், விற்பனையே விலை இறங்குவதற்குக் காரணம் என்ற சுழல்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பாடப் படத்தில் செல்லிங் கிளைமாக்ஸ் பார் அடியிலிருந்து நன்றாக மேலே வந்து முடிந்திருக்கும். அக்டோபர் 19 அப்படி முடியவில்லை. நாளின் அடிமட்டத்துக்கு அருகிலேயே முடிந்தது. அன்று மாலை அந்தப் பாரை மட்டும் பார்த்து 'விற்பனை தீர்ந்துவிட்டது' என்று சொல்லியிருக்க எந்த ஆதாரமும் கிடையாது. செய்தி அடுத்த நாள்தான் வந்தது. 20-ஆம் தேதி காலையில், வங்கி அமைப்புக்குத் தேவையான பணப்புழக்கத்தைத் தரத் தயார் என்று ஃபெடரல் ரிசர்வ் அறிவித்தது. சந்தை ஏறியது. நண்பகலுக்குள் அந்த ஏற்றம் முழுவதும் கரைந்து, விலை முந்தைய நாள் முடிவுக்கும் கீழே போனது. பல பங்குகளில் வர்த்தகம் நின்றது. சிகாகோவில் குறியீட்டு ஃபியூச்சர்ஸும் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. பல கம்பெனிகள் தங்கள் பங்குகளைத் தாங்களே திரும்ப வாங்குவதாக அறிவித்துக்கொண்டிருந்தன. பிற்பகலில் விலை எழுந்தது. அன்றைய முடிவு 1841. 102 புள்ளி ஏற்றம். வால்யூமோ மறுபடியும் 60 கோடிக்கு மேல், முந்தைய நாளைவிடவும் சற்றே கூடுதல்.

இரண்டு நாட்களையும் அருகருகே வைத்தால் விஷயம் விளங்கும். ஏறத்தாழ ஒரே அளவு வால்யூம். முதல் நாள் அது 508 புள்ளியை விழுங்கியது, இரண்டாம் நாள் அதனால் ஒரு புள்ளியைக்கூட இறக்கிவைக்க முடியவில்லை. உழைப்பு அதே உழைப்பு, பலன் போய்விட்டது. வைக்காஃப் வழியினர் 'உழைப்புக்கு எதிரில் பலன்' என்று சொல்வது இதைத்தான். விற்பனையின் களைப்பு தெரிந்தது 19-ஆம் தேதியின் பாரில் இல்லை, 20-ஆம் தேதியின் பாரில்.

தானாக வரும் எழுச்சி 21-ஆம் தேதி 2027 வரை கொண்டுபோனது. ஷார்ட் போட்டவர்கள் லாபத்தை எடுக்க வாங்குவதும், விற்பதற்கு ஆளில்லாமல் மேலே வெற்றிடம் இருப்பதும் சேர்ந்து உண்டாக்கும் எழுச்சி அது. அது நிலைக்க வேண்டிய அவசியம் இல்லை, நிலைக்கவும் இல்லை. 26-ஆம் தேதி மீண்டும் 156 புள்ளி வீழ்ச்சி. டிசம்பர் 4-ல் டவ் 1766-ல் முடிந்தது. எஸ் அண்ட் பி 500 குறியீடு அக்டோபர் 19-ல் 224.84-ல் முடிந்திருந்தது, டிசம்பர் 4-ல் 223.92. ஒரு குறியீடு பழைய அடிக்குச் சற்று மேலே, இன்னொன்று மயிரிழை கீழே. ஆனால் இம்முறை வால்யூம் அக்டோபர் 19-ன் பாதிகூட இல்லை. அதே விலைக்கு வந்தும் விற்க ஆள் வரவில்லை. அதுதான் சோதனை, அதுதான் தேர்ச்சி. அங்கிருந்து எழுந்த சந்தை அந்த அடியைப் பிறகு உடைக்கவில்லை.

இப்போது மறுபக்கம். 2011-ன் வெள்ளி. ஜனவரி இறுதியில் ஒரு அவுன்ஸ் 27 டாலர் அளவில் இருந்த வெள்ளி மூன்றே மாதத்தில் 50 டாலரை நெருங்கியது. 1980-ல் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியைக் குவித்த காலத்தில் எட்டிய உச்சமும் அந்த 50 டாலரை ஒட்டியதுதான். ஆகவே அந்த எண் எல்லோர் மனத்திலும் இருந்தது. ஏப்ரல் 22 புனித வெள்ளி விடுமுறை. 25-ஆம் தேதி திங்கட்கிழமை ஆசிய நேரத்திலேயே விலை 49.80-ஐ ஒட்டிப் போய், 50-ஐத் தொடாமல் திரும்பியது. அமெரிக்கச் சந்தை திறந்தபோது, எஸ்.எல்.வி. என்று அழைக்கப்படும் வெள்ளி இ.டி.எஃப். இடைவெளி விட்டு மேலே தொடங்கி, நாள் முழுக்க அந்த ஏற்றத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தது. அன்று கைமாறிய யூனிட்டுகள் சுமார் 19 கோடி. உலகிலேயே அதிகம் வர்த்தகமாகும் இ.டி.எஃப். எஸ் அண்ட் பி 500-ஐப் பின்தொடரும் எஸ்.பி.ஒய்.; அன்று வெள்ளி அதையே மிஞ்சியது.

இதில் கட்டாயப்பட்டு வாங்கியவர்கள் இருந்தார்களா? ஷார்ட் போட்டு மாட்டிக்கொண்ட சிலர் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு இ.டி.எஃப்.பின் 19 கோடி யூனிட்டை ஷார்ட் கவரிங் மட்டும் உண்டாக்காது. மூன்று மாதம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள், '50-ஐத் தாண்டினால் பிடிக்க முடியாது' என்று உள்ளே வந்தார்கள். ஏற்கெனவே பெரிய லாபத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கூட்டம் ஒரு வாய்ப்பு. பெரிய அளவில் வைத்திருப்பவரால் நினைத்த நேரத்தில் விற்க முடியாது; எதிரில் அவ்வளவு வாங்குபவர்கள் வேண்டும். அத்தனை வாங்குபவர்கள் ஒரே நாளில் கிடைப்பது இப்படிப்பட்ட நாட்களில்தான்.

அதன் பிறகு வந்த சறுக்கல் அடுத்த நாளுக்குள் உச்சத்திலிருந்து 4 டாலருக்கு மேல் எடுத்தது. ஜனவரி இறுதியில் தொடங்கிய அந்த ஏற்றத்தில் வந்த எந்தச் சறுக்கலையும்விட டாலர் கணக்கில் அது பெரியது. ஆனால் கதை முடியவில்லை. 28-ஆம் தேதி விலை மீண்டும் எழுந்தது. லண்டனின் அன்றைய நிர்ணய விலை 48.70 டாலர். உச்சத்துக்கு ஒரு டாலர் சொச்சம்தான் குறைவு. வால்யூமோ 25-ஆம் தேதியைவிடக் குறைவு. இதுதான் உச்சியின் சோதனை. ஏறுவதற்கு எதிர்ப்பும் பெரிதாக இல்லை. ஆனால் ஏற்றுவதற்குப் புதுப் பணம் வரவில்லை. மே 1, ஞாயிறு இரவு, ஆசியச் சந்தை திறந்த சிறிது நேரத்தில், லண்டன் விடுமுறையில் இருந்த அந்த மெல்லிய சந்தையில், சில நிமிடங்களில் ஏறத்தாழ 12 சதவீதம் விழுந்தது. சி.எம்.இ. எக்ஸ்சேஞ்ச் அந்த இரண்டு வாரங்களில் வெள்ளி ஃபியூச்சர்ஸுக்கான மார்ஜினை ஐந்து முறை உயர்த்தியது. அந்த வார இறுதியில் விலை 35 டாலர் அளவில் இருந்தது. 2011-ன் உச்சத்தை வெள்ளி தாண்டியது 2025 அக்டோபரில்தான்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது காலம். 1987-ல் கட்டாய விற்பனை என்பது ஓர் அளவுக்கு உட்பட்ட சரக்கு. இவ்வளவு கடனில் வாங்கிய பங்குகள், இவ்வளவு சூத்திரத்தில் கட்டுண்ட நிதி. அது விற்றுத் தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால் வெடிப்பும் குறுகியது, ஓரிரு நாளில் முடிந்தது. உச்சியில் வாங்க வரும் பணத்துக்கு அப்படி ஒரு எல்லை முன்கூட்டித் தெரியாது. இன்று 50 பேர் வருவார்கள், நாளை 80 பேர் வருவார்கள். அதனால் உச்சியில் வெடிப்புகள் ஒன்றோடு நிற்காமல் இரண்டு, மூன்று வருவது சாதாரணம். பெரிய வால்யூம் வந்த பிறகும் விலை இன்னும் கொஞ்சம் ஏறுவதும் சாதாரணம். 2021 ஜனவரியில் கேம்ஸ்டாப் பங்கில் இதைப் பார்க்கலாம். மிகப் பெரிய வால்யூம் வந்தது ஜனவரி 22-ல், ஏறத்தாழ 20 கோடிப் பங்குகள். விலை 483 டாலர் என்ற உச்சியைத் தொட்டது அதன் பிறகு, 28-ல். அன்றைய வால்யூம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பங்கில் ஷார்ட் கவரிங்கும் புரோக்கர்களின் கட்டுப்பாடுகளும் கலந்திருந்தன என்பதால் அதைத் தூய உதாரணமாக நான் எடுக்கமாட்டேன். ஆனாலும் ஒன்று தெரிகிறது: 22-ஆம் தேதி வால்யூமைப் பார்த்து 'இதோ உச்சி' என்று ஷார்ட் போட்டவர் நான்கு வர்த்தக நாட்களில் காணாமல் போயிருப்பார்.

ஆகவே இரண்டிலும் செய்ய வேண்டியதும் வேறு. செல்லிங் கிளைமாக்ஸில் அவசரப்பட்டு முதல் பாரிலேயே வாங்கியவருக்குக்கூட, அது உண்மையானதாக இருந்தால், தானாக வரும் எழுச்சி வெளியேற ஒரு வாசலைத் திறந்துவிடும். பையிங் கிளைமாக்ஸில் முதல் பாரிலேயே ஷார்ட் போட்டவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. வைத்திருக்கும் பங்கை விற்பதற்கு அது நல்ல நாளாக இருக்கலாம். எதிர்த்துப் பந்தயம் கட்டுவதற்குப் பெரும்பாலும் நல்ல நாள் இல்லை. அதற்கு, அந்த ஏற்றத்தில் இதுவரை வந்த எல்லாச் சறுக்கல்களையும்விடப் பெரிய சறுக்கல் ஒன்று வரவேண்டும். பிறகு உச்சியை நோக்கி ஏறும்போது வால்யூம் வற்றியிருக்க வேண்டும். வெள்ளியில் இரண்டும் வந்தன. வந்த பிறகு பொறுமையாக முடிவெடுக்கக் கிடைத்த நேரம் வெறும் இரண்டு வர்த்தக நாட்கள் என்பதும் உண்மை.

இன்னொரு வேறுபாடு பலரும் கவனிக்காதது. கிளைமாக்ஸ் இல்லாமலே உச்சி உருவாகலாம். அப்படித்தான் அதிகம் உருவாகிறது. 1929-ல் டவ் தன் உச்சமான 381-ஐத் தொட்டது செப்டம்பர் 3-ல். அன்று கைமாறிய பங்குகள் சுமார் 44 லட்சம். அதே ஆண்டு மார்ச் 26-ல், ஒரு பீதி விற்பனையின்போது, 82 லட்சம் கைமாறியிருந்தது. அந்த நூற்றாண்டின் மிகப் பிரபலமான உச்சி, வால்யூமில் ஒரு சாதாரண நாள். அக்டோபர் 29-ல்தான் 1 கோடியே 64 லட்சம் பங்குகள் விற்கப்பட்டன. அந்தச் சாதனையை முறியடிக்க 1968 ஆனது. மொத்தச் சந்தை உச்சத்தில் இருக்கும்போது ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு மாதத்தில் களைத்து ஒதுங்குகிறது; களைப்பு பரவி நடக்கிறது. தனிப் பங்கிலும் தனிச் சரக்கிலும்தான் அது ஒரே நாளில் குவிகிறது. பையிங் கிளைமாக்ஸைத் தேடுவதென்றால் குறியீட்டில் தேடுவதைவிட வெள்ளி, ஒரு பங்கு, ஒரு துறை என்று தேடுவது பலன் தரும்.

1929 இன்னொன்றையும் காட்டுகிறது. அக்டோபர் 29-ல் டவ் 230-ல் முடிந்தது. அடுத்த நாள் 12 சதவீதம் எழுந்தது. ஆனால் நவம்பர் 13-ல் 198 வரை இறங்கிவிட்டது. பிறகு 1930 ஏப்ரலில் 294 வரை ஏறி, அங்கிருந்து 1932 ஜூலை 8-ல் 41 வரை சரிந்தது. அந்த இறுதி அடியில் வால்யூம் பத்து லட்சம் பங்குகளுக்கும் குறைவு. வெடிப்பே இல்லை, பேச ஆளில்லாமல் சந்தை அடங்கியிருந்தது. செல்லிங் கிளைமாக்ஸ் ஒரு இறக்கத்தின் ஒரு அத்தியாயத்தை முடிக்கும். முழு இறக்கத்தையும் முடிக்கும் என்று அது சொல்வதில்லை. அது சொல்வதெல்லாம், இந்த விலையில் கட்டாயப்பட்டு விற்க வேண்டியவர்கள் இப்போதைக்கு விற்றுவிட்டார்கள் என்பது மட்டும். புதிதாகக் கட்டாயம் உண்டானால் புதிய விற்பனையும் உண்டாகும்.

அப்படிப் புதிய கட்டாயம் உண்டான ஒரு நிகழ்வை நம் சந்தையிலேயே பலரும் கண்ணால் பார்த்தார்கள். 2020 மார்ச் 12-ல் நிஃப்டி 868 புள்ளி விழுந்து 9590-ல் முடிந்தது. 13-ஆம் தேதி காலை திறந்த சில நிமிடங்களில் 10 சதவீத லோயர் சர்க்யூட். 45 நிமிடம் வர்த்தகம் நிறுத்தம். அன்றைய அடி 8555. மறுபடி திறந்ததும் விலை எழத் தொடங்கி, நிற்காமல் எழுந்து, 9955-ல் முடிந்தது. அடியிலிருந்து முடிவு வரை 1400 புள்ளி. அத்தனை நீளமான பார், அடியிலிருந்து அவ்வளவு மேலே முடிவு, ஒரு மாத இறக்கத்தின் முடிவில். பாடப் புத்தகத்துக்கு அட்டைப்படமாகப் போடலாம். 1987 அக்டோபர் 19-ன் பாரைவிட எல்லா விதத்திலும் அழகான பார் இது.

அது தோற்றது. 16-ஆம் தேதி 9197, 17-ல் 8967, 18-ல் 8468. மூன்றே வர்த்தக நாளில், முடிவு விலையே 13-ஆம் தேதியின் அடிக்குக் கீழே. தோல்வியின் அடையாளம் அந்தத் திரும்பி வந்த விதத்தில் இருந்தது. சோதனை என்றால் பார்கள் சுருங்கிக்கொண்டே வரவேண்டும், அடியை நெருங்க நெருங்க விற்பனை ஆர்வம் குறைய வேண்டும். இங்கே ஒவ்வொரு நாளும் பார் நீளமாகவே இருந்தது, ஒவ்வொரு நாளும் நாளின் அடிப்பகுதிக்கு அருகிலேயே முடிந்தது. ஏன் என்பதற்கும் விடை தெரியும். வெளிநாட்டு முதலீட்டாளர்கள் அந்த மார்ச் மாதத்தில் மட்டும் 60,000 கோடி ரூபாய்க்கு மேல் பங்குகளை விற்று வெளியேறினார்கள். 13-ஆம் தேதி அவர்களுடைய விற்பனை தீரவில்லை, இடைவேளை விட்டிருந்தது. சர்க்யூட்டினால் கிடைத்த 45 நிமிடத்தில் ஷார்ட் போட்டவர்கள் யோசித்துக் கவர் செய்தார்கள் என்பதே அந்த எழுச்சியில் பெரும்பகுதி என்று நான் கருதுகிறேன். மார்ச் 23-ல் இன்னொரு சர்க்யூட், 1135 புள்ளி வீழ்ச்சி, முடிவு 7610. 24-ல் 7511 வரை போய், அங்கிருந்து எழுந்து 7801. 23-ஆம் தேதியின் பார் அடியில் முடிந்த அவலட்சணமான பார். 24-ஆம் தேதி விலை இன்னும் கீழே போயும் அங்கே நிற்கவில்லை. 1987-ன் 19, 20 மாதிரியே. ஏப்ரல் 3-ல் நிஃப்டி 8055 வரை திரும்ப வந்து, முந்தைய அடிக்கு 500 புள்ளிக்கு மேல் உயரத்திலேயே நின்றுகொண்டது. பிறகு அந்த விலைகள் திரும்ப வரவில்லை.

நம் சந்தையில் இதைப் படிப்பவருக்கு வேறு சில இடர்களும் உண்டு. குறியீட்டுக்குச் சொந்தமாக வால்யூம் கிடையாது. அதன் உறுப்புப் பங்குகளின் வால்யூமைக் கூட்டித்தான் காட்டுகிறார்கள். ஆகவே நிஃப்டியின் வால்யூம் கம்பத்தைவிட, கனமான ஐந்தாறு பங்குகளின் கம்பங்களைத் தனித்தனியே பார்ப்பது நல்லது. எம்.எஸ்.சி.ஐ. போன்ற குறியீடுகள் மாற்றி அமைக்கப்படும் நாளில், கடைசி அரைமணியில் பங்குகளின் வால்யூம் பல மடங்கு எகிறும். அது களைப்பும் இல்லை, ஆர்வமும் இல்லை. இண்டெக்ஸ் ஃபண்டுகள் கடமையைச் செய்கின்றன, அவ்வளவுதான். பிளாக் டீல் நடந்த நாளும் அப்படியே. அந்த நாட்களில் வால்யூம் மட்டும் உயரும், பார் நீளாது. நீளமான பாரும் பெரிய வால்யூமும் சேர்ந்து வரவேண்டும் என்று வைக்காஃப் வழியினர் அடித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். என்.எஸ்.இ. ஒவ்வொரு பங்குக்கும் தினமும் வெளியிடும் டெலிவரி அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வால்யூம் ஐந்து மடங்காகி, டெலிவரி பழையபடியே இருந்தால் அன்றைய சத்தம் முழுக்க இன்ட்ராடே ஆட்களுடையது. மறுநாள் அதில் பெரும்பகுதி இருக்காது. செல்லிங் கிளைமாக்ஸில் டெலிவரியும் கூடவே உயர்ந்தால், விற்கப்பட்டதை யாரோ வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பையிங் கிளைமாக்ஸிலும் டெலிவரி உயரும். ஆனால் அங்கே கேள்வி, எடுத்துக்கொண்டு போனவர் யார், கொடுத்துவிட்டுப் போனவர் யார் என்பது.

சிறிய பங்குகளில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. 5 சதவீத அப்பர் சர்க்யூட்டில் தினமும் பூட்டிக்கொண்டு ஏறும் பங்கில் பாரே இருக்காது. ஒரு கோடு மட்டும். வாங்க லட்சக்கணக்கில் ஆர்டர் வரிசையில் நிற்கும், விற்க ஆள் இருக்காது, வால்யூம் சில நூறுகளில் இருக்கும். இந்தக் கட்டத்தில் வால்யூம் சிறிதாக இருப்பதைக் கண்டு 'களைப்பு வந்துவிட்டது' என்று படிப்பது முழுத் தவறு. களைப்பு வருவதற்கான வாசலே பூட்டியிருக்கிறது. ஒரு நாள் சர்க்யூட் உடைகிறது. அப்பர் சர்க்யூட்டில் திறந்த பங்கு பகலில் லோயர் சர்க்யூட் வரை போகிறது, ஒரே நாளில் அதற்கு முந்தைய ஒரு மாத வால்யூமும் கைமாறிவிடுகிறது. வாரக்கணக்கில் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அன்றுதான் பங்கு கிடைக்கிறது. இந்தப் பங்குகளில் பையிங் கிளைமாக்ஸ் என்பது அந்த ஒரு நாள்தான். அடுத்த நாளிலிருந்து லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டு, மறுபடி ஒரு கோடு, மறுபடி சில நூறு வால்யூம். இம்முறை வரிசையில் நிற்பவர்கள் விற்கக் காத்திருப்பவர்கள். அவர்களுடைய செல்லிங் கிளைமாக்ஸ் வர, கீழே எங்காவது அந்தப் பூட்டும் உடைய வேண்டும்.